மொத்தம் சரி, பதினேழாவது செல் பிழை: பற்றரி பேங்கில் சோர்ந்த செல்லைக் கண்டுபிடிக்கும் விதம்

திருக்கோவில் பக்கம் கடலுக்குக் கிட்ட ஒரு ஃபோன் டவர். கரண்ட் போனால் முன்பெல்லாம் ஏழு மணித்தியாலம் பற்றரியில் தாக்குப்பிடிக்கும். போன மாரிக்குப் பிறகு மூன்று மணித்தியாலத்துக்குள் தளம் விழத் தொடங்கியது, அதாவது டவரின் கருவிகள் நின்றுபோயின. ஊர் முழுக்க சிக்னல் போய்விடும். இரண்டு முறை ஆள் போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறையும் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மின் பெட்டியின் திரையில் பற்றரியின் மொத்தம் 53.3 வோல்ட் என்று இருந்தது. "பற்றரி ஓகே" என்று எழுதிவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது முறை நானும், வேலை பழகும் தம்பி ஒருவரும் போனோம். அவரும் திரையைப் பார்த்தவுடன் கேட்டது இதைத்தான்: "அண்ணே, 53.3 சரிதானே? பிறகு என்ன பிழை?"

53.3 சரிதான். பிழையும் அதற்குள்ளேதான் ஒளிந்திருந்தது. அது எப்படி என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்கு விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

டவரில் உள்ள கருவிகள் 48 வோல்ட் டிசியில் ஓடுகின்றன. கரண்ட் இருக்கும் நேரத்தில் றெக்டிஃபயர் என்ற பெட்டி ஏசியை டிசியாக மாற்றி கருவிகளுக்குக் கொடுக்கிறது, கூடவே பற்றரியையும் நிரம்பிய நிலையில் வைத்திருக்கிறது. கரண்ட் போனால் பற்றரி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. 48 வோல்ட் என்றாலும் அது ஒரே பற்றரி அல்ல. நாங்கள் போன தளத்தில் இருந்தது இரண்டு வோல்ட் செல்கள் 24, ஒன்றின் பின் ஒன்றாகத் தொடராக இணைத்த பேங்க். ஒவ்வொன்றும் மூடிய வகை ஈய அமில செல், 300 அம்பியர் மணி. புதிதாக இருக்கும்போது 30 அம்பியர் வீதம் பத்து மணித்தியாலம் கொடுக்கும் என்பது அதன் பொருள். அந்தத் தளத்தின் லோடும், அதாவது கருவிகள் இழுக்கும் மின்னோட்டமும், கிட்டத்தட்ட 30 அம்பியர்தான், அதனால் கணக்குப் பார்க்க வசதியாக இருந்தது.

தொடர் இணைப்பு என்றால் என்ன என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் பிளேட் போடும் நாளில் கொங்கிறீட் தாச்சியைக் கை மாற்றி மேலே ஏற்றுவார்கள் அல்லவா? 24 பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கையில் எத்தனை தாச்சி போகிறதோ அத்தனைதான் எல்லார் கையிலும் போகும். நடுவில் ஒருவருக்குக் கை சோர்ந்தால் மற்ற 23 பேரின் பலம் உதவாது, வேலை அவர் வேகத்துக்கு இறங்கும். பற்றரி பேங்கிலும் எல்லாச் செல்லிலும் ஓடும் அம்பியர் ஒன்றுதான். செல்லுக்குச் செல் வேறுபடக்கூடியது வோல்ட்டேஜ் மட்டும்தான். ஆகவே சோர்ந்த செல்லைத் தேடும்போது நாங்கள் பார்ப்பதும் வோல்ட்டேஜைத்தான், ஒவ்வொரு செல்லாக.

மொத்தம் ஏன் ஒன்றும் சொல்லாது

நிரம்பிய பற்றரியை நிரம்பியபடியே வைத்திருக்க றெக்டிஃபயர் கொடுக்கும் நிலையான வோல்ட்டேஜை ஃப்ளோட் என்கிறோம். இந்த வகைச் செல்லுக்கு 25 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 2.25 வோல்ட். 24 செல்லுக்குப் பெருக்கினால் 54.0. வெப்பம் கூடினால் இதைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் செல் தேவைக்கு மேல் சார்ஜ் ஆகி உள்ளே ஈரம் காய்ந்துவிடும். ஒரு பாகைக்கு ஒரு செல்லுக்கு மூன்று மில்லிவோல்ட் அளவு குறைப்பது வழக்கம். பற்றரியில் ஒட்டியிருக்கும் சிறிய வெப்ப உணரியைப் பார்த்து றெக்டிஃபயர் தானே இதைச் செய்கிறது. எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பற்றரி அலுமாரிக்குள் 35 பாகை இருப்பது சாதாரணம். பத்துப் பாகை கூடுதல் என்றால் செல்லுக்கு 0.03 குறைய வேண்டும், அதாவது 2.22. 24 செல்லுக்கு 53.28. திரையில் தெரிந்த 53.3 இதுதான். அந்த வெப்பத்துக்கு அது மிகச் சரியான எண்.

ஆனால் அந்த 53.3-ஐத் தீர்மானித்தது றெக்டிஃபயர், பற்றரி அல்ல. றெக்டிஃபயர் மொத்தத்தை மட்டுமே பிடித்து வைத்திருக்கிறது. அதை 24 செல்களும் தமக்குள் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன என்பது அதற்குத் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு 24 குடும்பம் சேர்ந்து ஒரு நாள் உபயம் செய்வது போலத்தான். மொத்தத் தொகை முன்கூட்டியே முடிவாகிவிட்டது. ஒரு குடும்பத்தால் தன் பங்கைக் கொடுக்க முடியவில்லை என்றால் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சம் கூடப் போட்டு நிரப்பிவிடுவார்கள். காசு எண்ணிப் பார்க்கிறவருக்குத் தொகை சரியாகவே இருக்கும். கொப்பியில் வரி வரியாகப் பார்த்தால்தான் யார் குறைத்துப் போட்டார் என்று தெரியும்.

அதனால் முதல் வேலை கொப்பியைத் திறப்பது.

ஃப்ளோட்டில் செல் செல்லாக அளந்தால்

அளப்பதற்கு முன் இரண்டு விஷயம் சரிபார்த்துக்கொண்டோம். முதலாவது, பற்றரி கடைசியாக எப்போது இறங்கியது? நேற்றுக் கரண்ட் போய் வந்திருந்தால் செல்கள் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்து அளவுகள் ஆளுக்கொரு கதை சொல்லும். மூன்று நாளாவது இடையூறில்லாமல் ஃப்ளோட்டில் இருந்திருக்க வேண்டும். றெக்டிஃபயரின் பதிவைப் பார்த்தோம், ஐந்து நாளாகக் கரண்ட் போகவில்லை. இரண்டாவது, செல் இலக்கங்கள். நேர்முனைப் பக்கத்திலிருந்து எண்ணுவது எங்கள் வழக்கம். முன்பு வந்த யாரோ மறுபக்கத்திலிருந்து எண்ணி பேனையால் எழுதியிருந்தார். 8 என்று அவர் எழுதியது எங்கள் 17. இந்தக் குழப்பத்தில் நல்ல செல்லைக் கழற்றி வந்த கதை எனக்குத் தெரியும். ஆகையால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக இலக்கம் ஒட்டினோம்.

கையில் இருந்த மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றிவிட்டுத்தான் அலுமாரியைத் திறந்தோம். 48 வோல்ட் ஆளை அடிக்காது என்று பலர் அலட்சியமாக இருப்பார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு முனைக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் அதில் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். எங்கள் ஸ்பானர்களின் பிடிக்குத் தடிப்பாக டேப் சுற்றியிருப்போம்.

மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, நுனிகளை ஈய முனையின் மேலேயே ஊன்றி அளக்க வேண்டும். செல்களை இணைக்கும் செப்புப் பட்டையிலோ போல்ட்டின் தலையிலோ வைக்கக்கூடாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், அது இந்த வேலையில் அடிக்கடி ஏமாற்றும் இடம். ஒரே மீற்றரால், இடையில் நிறுத்தாமல், 24-ஐயும் அளந்து முடிக்க வேண்டும். தம்பி அளந்தார், நான் எழுதினேன்.

22 செல்கள் 2.21-க்கும் 2.23-க்கும் இடையில் இருந்தன. இரண்டு மட்டும் விலகி நின்றன. ஐந்தாவது செல் 2.31, பதினேழாவது செல் 2.11.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 4.42. 53.3-இலிருந்து கழித்தால் 48.88. மிச்சம் 22 செல்லுக்குப் பிரித்தால் ஆளுக்கு 2.22. ஒன்று விட்ட குறையை மற்றது நிரப்பி, மொத்தம் பிசகாமல் வந்துவிட்டது.

"ரெண்டுல எது அண்ணே?" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஃப்ளோட் அளவுக்கு எல்லை எது என்பது இந்தக் கேள்வியில்தான் தெரியும்.

2.11 என்பது கவலைக்குரிய எண். நிரம்பிய நல்ல செல் ஒன்றைக் கழற்றித் தனியே வைத்தாலே 2.13, 2.14 அளவில் நிற்கும். றெக்டிஃபயரோடு இணைந்து, மற்றச் செல்களில் ஓடும் அதே சிறிய ஃப்ளோட் மின்னோட்டம் தன்னிலும் ஓடும்போது ஒரு செல் அதற்கும் கீழே இருக்கிறது என்றால், உள்ளே வரும் மின்னை எங்கேயோ கசியவிடுகிறது. பெரும்பாலும் நேர்த்தட்டுக்கும் எதிர்த்தட்டுக்கும் இடையில் ஈயம் இழைபோல வளர்ந்து மெல்லிய குறுக்கிணைப்பு உண்டாகியிருக்கும். வருவது கசிவதால் செல் ஒருபோதும் நிரம்பாது.

2.31 அப்படியல்ல. கூடுதலான வோல்ட்டேஜ் பலத்தின் அடையாளமும் அல்ல, நோயின் அடையாளம் என்று உடனே சொல்லவும் முடியாது. பழைய பதிவைப் பார்த்ததில் ஐந்தாவது செல் போன வருடம் மாற்றியது என்று தெரிந்தது. பழைய செல்களுக்கு ஃப்ளோட்டில் கொஞ்சம் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். தொடரில் இருப்பதால் அந்த மின்னோட்டமே புதிய செல்லிலும் ஓடியாக வேண்டும். தனக்குத் தேவையில்லாத அளவு ஓடும்போது புதிய செல்லின் வோல்ட்டேஜ் உயர்ந்து நிற்கும். காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்பதை வைத்துச் செல் மாற்ற முடியாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ளோட்டில் 2.22 என்று அழகாக நிற்கும் செல் நல்லது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உள்ளே காய்ந்துபோன செல், தட்டின் கம்பிச்சட்டம் அரித்துப்போன செல் இரண்டுமே ஃப்ளோட்டில் சாதாரணமாகத் தெரியலாம். அந்த நேரத்தில் பேங்கில் ஓடுவது ஒரு அம்பியர்கூட இல்லை. சும்மா நிற்கும் வரிசையில் யாருக்குக் கை சோர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? தாச்சி வரவேண்டும். ஃப்ளோட் அளவு சந்தேகப் பட்டியலைத் தரும், தீர்ப்பு லோடில்தான்.

லோட் போட்டுப் பார்த்தல்

முதலில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னோம், வோல்ட்டேஜ் குறைவு என்று எச்சரிக்கை மணி அடிக்கப்போகிறது, பதறவேண்டாம் என்று. அவசரத்துக்கு என்று கொண்டுபோன ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து நிறுத்தினோம்.

பிறகு லோடைப் பற்றரிக்கு மாற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் நேரே றெக்டிஃபயரின் ஏசி பிரேக்கரை இறக்கிவிடப் பார்ப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. பற்றரியில் எதிர்பாராத இணைப்புப் பிழை ஏதும் இருந்தால் தளம் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். அதற்குப் பதில் றெக்டிஃபயரின் வெளியீட்டை 46 வோல்ட்டுக்கு இறக்கி வைப்பேன். பற்றரி 48-க்கு மேல் நிற்பதால் லோட் முழுவதும் பற்றரிக்குப் போய்விடும். பற்றரி திடீரெனச் சரிந்தால் 46-இல் றெக்டிஃபயர் தானாகத் தாங்கிக்கொள்ளும். கருவிகளுக்கு ஒன்றும் தெரியாது. மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீற்றரால் பார்த்தோம்: 30 அம்பியர், பற்றரியிலிருந்து வெளியே.

தொடங்கியவுடன் அளக்க அவசரப்படக்கூடாது. நிரம்பிய ஈய அமில பற்றரியில் லோட் போட்ட முதல் சில நிமிடம் வோல்ட்டேஜ் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பிறகு கொஞ்சம் மேலே வரும். அது அந்த வகைப் பற்றரியின் இயல்பு. அந்தப் பள்ளத்தில் அளந்தால் நல்ல செல்லும் நோயாளிபோலத் தெரியும். பத்து நிமிடம் பொறுத்துத்தான் முதல் சுற்று அளந்தோம். எல்லாச் செல்லையும் அளந்தோம், சந்தேகப்பட்ட இரண்டை மட்டுமல்ல. கொப்பியில் இருந்ததில் முக்கியமானது இது. மொத்தம் என்பது 24 செல்லின் அளவுகளையும் கூட்டியது.

| நேரம் | செல் 5 | செல் 16 | செல் 17 | மொத்தம் |
|---|---|---|---|---|
| 10 நிமிடம் | 2.05 | 2.03 | 1.97 | 48.8 |
| 30 நிமிடம் | 2.04 | 2.02 | 1.93 | 48.5 |
| 60 நிமிடம் | 2.03 | 2.01 | 1.86 | 48.1 |
| 80 நிமிடம் | 2.02 | 2.00 | 1.74 | 47.9 |

செல் 16-ஐ எழுதியது ஒப்பிடுவதற்காக, மற்றவை எல்லாம் அதைப்போலவேதான் இறங்கின. ஐந்தாவது செல்லைப் பாருங்கள். ஃப்ளோட்டில் விலகி நின்ற அதே செல் லோடில் எல்லாவற்றையும் விட நன்றாகத் தாங்குகிறது. அதன் மேல் இருந்த சந்தேகம் பத்து நிமிடத்திலேயே தீர்ந்தது.

பதினேழாவது செல்லில் கவனிக்க வேண்டியது, அது கீழே இருக்கிறது என்பதை விட, அது இறங்கும் வேகம். முதல் அளவில் பக்கத்துச் செல்லுக்கும் அதற்கும் இடைவெளி 0.06. அரை மணித்தியாலத்தில் 0.09, ஒரு மணித்தியாலத்தில் 0.15, எண்பதாவது நிமிடத்தில் 0.26. இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. ஒரு செல் தொடக்கத்திலிருந்து 0.03 கீழே நின்று, கடைசிவரை அதே 0.03-இல் மற்றவற்றோடு சேர்ந்து இறங்கினால் எனக்குப் பெரிய கவலை இல்லை. விரியும் இடைவெளிதான் கொள்ளளவு போனதைக் காட்டும்.

இந்த அளவு லோடில் ஒரு செல் 1.80 வோல்ட்டுக்கு வந்தால் அது தீர்ந்துவிட்டதாகக் கணக்கு. பதினேழு அந்த இடத்தைக் கடந்தது ஏறத்தாழ 72-ஆவது நிமிடத்தில். 30 அம்பியர் வீதம் 72 நிமிடம் என்றால் 36 அம்பியர் மணி. 300-இல் 36, நூற்றுக்குப் பன்னிரண்டு. சாதாரணமாக 80 வீதத்துக்குக் கீழே போன செல்லை மாற்றச் சொல்வார்கள். இது அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

எண்பதாவது நிமிடத்தில் றெக்டிஃபயரைப் பழைய நிலைக்கு ஏற்றி சோதனையை நிறுத்தினேன். அப்போதும் மொத்தம் 47.9 என்பதைக் கவனியுங்கள். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஆரோக்கியமான பற்றரி. நாங்கள் வைத்த 46 வோல்ட் தளத்தைத்தான் காப்பாற்றும், செல்லைக் காப்பாற்றாது. செல்லை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தாமல் விட்டிருந்தால்

தளம் ஏன் மூன்று மணித்தியாலத்தில் விழுந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. பதினேழு தீர்ந்த பிறகும் மற்ற 23 செல்லும் அதனூடாகவே மின்னைத் தள்ளுகின்றன. வேறு வழி இல்லை, ஒரே பாதைதான். அதன் வோல்ட்டேஜ் பூச்சியத்துக்கு வந்து, அதையும் தாண்டி நேர்முனை எதிர்முனையாகப் புரளும். அதன்பிறகு அது மின் தருவதை விட்டுவிட்டு, மற்றச் செல்கள் தருவதை விழுங்கும் ஒரு லோடாகிவிடும், சூடும் ஏறும்.

கணக்காகப் பார்ப்போம். 23 செல்கள் 1.98-இல் நிற்கின்றன என்றால் 45.54. புரண்ட செல் 0.6 வோல்ட்டை விழுங்குகிறது என்றால் மொத்தம் 44.94. அந்தத் தளத்தில் வோல்ட்டேஜ் 44-க்கு வந்தால்தான் பற்றரியைத் துண்டிக்கும்படி அமைத்திருந்தார்கள். ஆகவே இந்த நிலையில் துண்டிக்காது, செல்லோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கத் தொடங்கும்போது மொத்தம் 44-ஐத் தொட்டு தளம் விழுகிறது. அந்த நேரம் மற்ற 23 செல்லிலும் பாதிக்கு மேல் மின் மிச்சம் இருக்கும்.

ஊர் இருட்டாகும், பிறகு கரண்ட் வரும், றெக்டிஃபயர் எழும்பும். லோட் நின்று சார்ஜ் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே புரண்ட செல் மறுபடி இரண்டு வோல்ட்டை எட்டிப்பார்க்கும். மொத்தம் 53.3-க்குப் போய்விடும். கரண்ட் வந்த பிறகு போய்ப் பார்த்த இரண்டு குழுவும் கண்டது அதைத்தான். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல, அவர்கள் போன நேரத்தில் பிழை வெளியே தெரியக்கூடிய நிலையில் இல்லை.

இணைப்பை மறக்கவேண்டாம்

முனையில்தான் ஊன்ற வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் அதே பேங்கில் கிடைத்தது. லோட் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி ஓரிடத்தில் நுனியைத் தவறுதலாகப் பட்டையின் மறுகரையில் வைத்துவிட்டார். பன்னிரண்டாவது செல் திடீரென 1.98 என்று காட்டியது. முனையில் வைத்து அளந்தால் 2.02-க்கு மேல். இடையில் போன 45 மில்லிவோல்ட் எங்கே?

ஒரு நுனியைப் பதினொன்றின் ஈய முனையிலும் மற்றதைப் பன்னிரண்டின் ஈய முனையிலும், அதாவது பட்டையின் இரு கரையிலும் வைத்து அளந்தோம். 45 மில்லிவோல்ட். மற்ற இணைப்புகளில் மூன்று, நான்கு மில்லிவோல்ட்தான். உப்புக்காற்றில் போல்ட்டின் அடியில் பச்சை பூத்து, இணைப்புத் தளர்ந்திருந்தது. இதை ஃப்ளோட்டில் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் அப்போது ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது, அந்தத் தடையில் அரை மில்லிவோல்ட்கூட விழாது. 30 அம்பியர் ஓடும்போதுதான் அது வாய் திறக்கும்.

தளர்ந்த இணைப்பு சோர்ந்த செல்லின் வேடம் போடும். ஆனால் வேடத்தைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. இணைப்பில் விழும் வோல்ட்டேஜ் நேரம் போகப்போக அதிகரிக்காது. அம்பியர் மாறாதவரை 45 என்பது கடைசிவரை ஏறக்குறைய 45-ஆகவே இருக்கும். செல் என்றால் இடைவெளி விரியும். பேங்கைத் தனிமைப்படுத்திய பிறகு அந்தப் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டோர்க் ஸ்பானரால் பூட்டினோம். மறுபடி லோடில் பார்த்தபோது 4 மில்லிவோல்ட்.

பதினேழைக் கழற்றிய பிறகு

மாற்றுச் செல் கையில் இல்லை. அதனால் பதினேழை வெளியே எடுத்து, பதினாறையும் பதினெட்டையும் தடித்த கேபிளால் நேரே இணைத்து 23 செல்லோடு ஓடவிட்டோம். இதில் பலர் விடும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. ஒரு செல் குறைந்தால் றெக்டிஃபயரையும் குறைக்க வேண்டும். 53.3-ஐ அப்படியே விட்டால் ஒவ்வொரு செல்லுக்கும் 2.32 வோல்ட் விழும். அந்த வெயிலில் நல்ல 23-ஐயும் காயவைத்துக் கொல்ல அதுவே போதும். 25 பாகைக்கான அமைப்பை 54.0-இலிருந்து 51.75-க்கு மாற்றினோம். வெப்பத்துக்கான குறைப்போடு திரையில் 51.1 வந்தது. பிறகு செல் செல்லாக அளந்ததில் எல்லாம் 2.22-ஐ ஒட்டி நின்றன, ஐந்தாவது மட்டும் வழக்கம்போல 2.30.

கழற்றிய செல்லுக்கு ஒரு கடைசி வாய்ப்புக் கொடுத்தோம். நீண்ட காலம் சார்ஜ் போதாமல் கிடந்த செல்லும் சில நேரம் இப்படித் தாழ்ந்து தெரியும், தனியே ஏற்றினால் தேறிவிடும். மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஒற்றைச் செல் சார்ஜரில் 2.35 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஒரு நாள் ஏற்றி, கழற்றி இன்னொரு நாள் சும்மா வைத்தோம். தேறியிருந்தால் 2.13-க்குக் குறையாமல் நின்றிருக்கும். மறுநாள் காலை 2.04. உள்ளே குறுக்கிணைப்புத்தான், சந்தேகமில்லை.

றெக்டிஃபயர் கதவின் உட்புறத்தில் தம்பி ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்: "செல் 17 இல்லை. ஃப்ளோட் 51.75. புதிய செல் போட்டால் 54.0-க்கு மாற்றவும்." அந்தக் கடைசி வரி மிகவும் தேவையானது. புதிய செல்லைப் பூட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால், அதே வெப்பத்தில் 51.1 வோல்ட்டைப் பிரித்து 24 செல்லுக்கும் ஆளுக்கு 2.13-தான் கிடைக்கும். அது நிரம்பிய செல் சும்மா நிற்கும் அளவு, சார்ஜ் ஏறாது. சில மாதத்தில் பேங்க் முழுவதும் சோர்ந்திருக்கும்.